ஏழு கோடும் நான் போட்ட எட்டாவது கோடும்

எனது வலது முழங்காலை எக்ஸ்றே எடுத்துப் பார்த்த டொக்டர், படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி, "அண்ணை, நீங்கள் இன்னும் எத்தினை வருசம் ட்ரொலி தள்ளப்போறியள்?" என்று கேட்டார். நான் வேலை செய்த அதே தனியார் ஆஸ்பத்திரியில்தான் அந்தப் படமும் எடுத்தது. ஊழியர் என்பதால் கட்டணத்தில் கழிவு தந்தார்கள். முழங்காலில் இருந்த தேய்மானத்துக்கு மட்டும் கழிவு எதுவும் கிடைக்கவில்லை.

"ஓய்வு பெறும் வரைக்கும் டொக்டர்," என்றேன்.

"கால் அதுக்கு முதல் ஓய்வு பெற்றிடும்," என்றார் அவர்.

நான் நோயாளிகளை வண்டியில் ஏற்றி அறை அறையாகக் கொண்டுபோகிற உதவியாளன். பதினெட்டு வருடமாக அதே நடை. யாழ்ப்பாணத்தில் எந்த ஊருக்குப் போனாலும், "என்னை நீங்கள்தானே தள்ளிக்கொண்டு போனது" என்று சொல்ல யாராவது ஒருவர் இருப்பார். நிமிர்ந்து நின்றால் எனக்கு அவர்களை அடையாளம் தெரியாது. படுத்துக் காட்டினால் தெரியும்.

அந்த மாதம்தான் அறிவித்தல் பலகையில் ஒரு கடதாசி ஒட்டினார்கள். எக்ஸ்றே அறைக்கு ஒரு உதவியாளர் வேண்டும், உள்ளே வேலை செய்கிறவர்களே விண்ணப்பிக்கலாம். காலையில் எழுத்துப் பரீட்சை, பின்னேரம் வாய்மொழிப் பரீட்சை. யாரும் சித்தியடையாவிட்டால் வெளியிலிருந்து ஆள் எடுப்போம் என்று கடைசி வரியில் இருந்தது. நிர்வாகத்தில் விசாரித்தேன். அந்த வேலை கிடைக்காவிட்டால், முழங்காலை வைத்துக்கொண்டு எனக்குத் தருவதற்கு வேறு வேலை இல்லை என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார்கள். அவ்வளவு மரியாதையாகச் சொன்னால் உண்மை என்று அர்த்தம்.

விண்ணப்பித்தது நான் ஒருவன்தான். மற்றவர்கள் பாடத்திட்டத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கிவிட்டார்கள். முதலாவது தலைப்பே மின்காந்தத் திருசியம், அதாவது மின்காந்த அலைகளின் வரிசை. அலைகளை ஒழுங்காக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பயனும் தீங்கும் சொல்ல வேண்டும்.

எக்ஸ்றே எடுக்கிற மிஸ் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் மிஸ் மிஸ்தான். அவரிடம் போய், "மிஸ், இதுக்கு எவ்வளவு படிக்கோணும்?" என்றேன்.

"பதினோராம் ஆண்டு விஞ்ஞானப் புத்தகத்திலை இருக்கு அண்ணை. அது போதும். நீங்கள் ஓ.எல்.லுக்குப் படிச்சிருப்பியள்தானே?"

"படிச்சனான்."

"என்ன பெறுபேறு?"

"படிச்சனான் எண்டுதான் சொன்னனான் மிஸ்."

சண்டிலிப்பாயில் எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் புத்தகத்தை இரவல் வாங்கினேன். அதில் ஏழு அலைகள் இருந்தன. ரேடியோ அலை, நுண்ணலை, செங்கீழ்க் கதிர், கண்ணுக்குத் தெரிகிற ஒளி, கழியூதாக் கதிர், எக்ஸ் கதிர், காமாக் கதிர். ரேடியோவிலிருந்து காமாவை நோக்கிப் போகப் போக அலைநீளம் குறையும். மீடிறன், அதாவது ஒரு செக்கனில் எத்தனை தரம் அதிர்கிறது என்பது, கூடும். சக்தியும் கூடும். எல்லாம் வெற்றிடத்தில் ஒரே வேகத்தில்தான் போகும். இதை வாசித்தபோது நன்றாக விளங்கியது. புத்தகத்தை மூடியதும் செங்கீழ்க் கதிர் ஒளிக்குப் பின்னால் போய்விட்டது, காமா எங்கேயோ முன்னுக்கு வந்து நின்றது.

மூன்று நாள் இப்படியே போன பிறகு, நாலாம் நாள் காலை, வண்டியோடு வாசலில் நிற்கும்போது எனக்கு வழி கிடைத்தது. எனக்குத் தலையில் ஒன்றும் நிற்காது. காலில் நிற்கும். எங்கள் ஆஸ்பத்திரி ஒரே நீள நடைதான், அறைகள் எல்லாம் அதன் ஓரத்தில். அதைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளுவேன். ஆகவே அலைகளை அந்த நடையிலேயே வாசலிலிருந்து வரிசையாக இறக்கிவிட்டேன்.

வாசலில் காவலாளி ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பார். அது முதலாவது. அதைத் தாண்டினால் சிற்றுண்டிச்சாலை, அங்கே ரோல்ஸ் சூடாக்குகிற மைக்ரோவேவ் பெட்டி. இரண்டாவது. அடுத்தது உடற்பயிற்சிச் சிகிச்சை அறை. முதுகுவலிக்காரருக்குச் சிவப்பு விளக்குப் பிடித்துச் சூடு கொடுப்பார்கள், கிட்டப் பிடித்தால் தோல் பொசுங்கும். அது செங்கீழ்க் கதிர், மூன்றாவது. அதைத் தாண்டினால் சத்திரசிகிச்சைக் கூடத்தின் பெரிய விளக்கு. நாலாவது, ஒளி. அதற்கு அடுத்த சிறிய அறையில் ஆள் இல்லாத நேரம் கிருமி கொல்ல ஒரு விளக்குப் போடுவார்கள், கதவில் 'உள்ளே வராதே' என்று எழுதியிருக்கும். கழியூதா, கண்ணையும் தோலையும் பழுதாக்கும். நடையின் முடிவில் எக்ஸ்றே அறை. அதற்கும் பின்னால் களஞ்சியம். அங்கே அடுக்கியிருக்கிற சத்திரசிகிச்சைக் கையுறைப் பெட்டிகளில் காமாக் கதிரால் கிருமி நீக்கியது என்று அச்சடித்திருக்கும். கடைசி.

கட்டடம் கட்டிய மேசன் என்னுடைய முழங்காலை நினைக்கவில்லை. ஆனால் பாடத்திட்டத்தை நினைத்திருக்கிறான். நான் ஒரு கிழமை அந்த நடையில் முணுமுணுத்துக்கொண்டு தள்ளினேன். வண்டியில் படுத்திருந்த அச்சுவேலிக்கார வியாபாரி ஒருவர், "தம்பி தேவாரமோ சொல்லுறீர்? எனக்கு அவ்வளவு மோசமோ?" என்று கேட்டு எழும்பப் பார்த்தார்.

இந்த நடை முறையில் ஒரே ஒரு இடத்தில் மிஸ் என்னைத் திருத்தினார். மஞ்சள்காமாலைக் குழந்தைகளை நீல விளக்கின் கீழே படுக்கவைப்பார்களே, அதைக் கழியூதாவுக்குப் பயனாகச் சொன்னேன்.

"இல்லை அண்ணை. அது நீல வெளிச்சம். கண்ணுக்குத் தெரியுதுதானே? தெரிஞ்சால் ஒளி."

"அப்ப ஏன் மிஸ் குழந்தையின்ரை கண்ணைக் கட்டுறவை?"

"நாள் முழுக்க உங்கடை முகத்துக்கு நேரை டோர்ச் அடிச்சால் நீங்கள் கட்ட மாட்டியளே? ஒளியும் கூடினால் கண்ணுக்குக் கூடாது."

இதற்குப் பிறகு எனக்குத் தைரியம் நிறைய வந்துவிட்டது. சரியாகச் சொல்வதானால், தேவைக்கு அதிகமாக வந்துவிட்டது.

ஏனென்றால் அந்த நடையில் இன்னொரு கதவு இருந்தது. கிருமி கொல்லும் விளக்கு அறைக்கும் எக்ஸ்றே அறைக்கும் நடுவே, ஸ்கான் அறை. வயிற்றைப் பார்ப்பதற்கும், வயிற்றில் பிள்ளையைப் பார்ப்பதற்கும். ஒரு நாளைக்கு எட்டுப் பேரையாவது நான் அங்கே தள்ளிக்கொண்டு போவேன். புத்தகத்தில் அந்தக் கதவைக் காணவில்லை. நான் மூன்று தரம் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். பிறகு நானே ஒரு முடிவுக்கு வந்தேன்.

அன்று மனைவி குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு கேள்வி கேட்டாள். புத்தகத்தை மடியில் வைத்திருந்தாள். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு வெங்காயம்.

"ஆறாவது?"

"ஸ்கான் கதிர்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு புத்தகத்தைப் பார்த்தாள். "இதிலை எக்ஸ் கதிர் எண்டெல்லோ கிடக்கு."

"அது ஏழாவது. காமா எட்டாவது."

"இஞ்சருங்கோ, இதிலை ஏழுதான் கிடக்கு."

"உது பள்ளிக்கூடப் பிள்ளையளின்ரை புத்தகமப்பா. வயித்திலை பிள்ளை இருக்கிறதைப் பாக்கிற விசயத்தைப் பதினாறு வயசுப் பிள்ளையளுக்குப் போடுவினமே? வெக்கத்திலை விட்டிட்டினம்."

"புத்தகம் எழுதினவைக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமாக்கும்."

"அவை ட்ரொலி தள்ளினவையே?"

அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். இருபத்திரண்டு வருடம் என்னோடு குடும்பம் நடத்துகிறவள். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். "உங்கடை கால், உங்கடை சோதினை," என்று மட்டும் சொன்னாள்.

என்னுடைய கணக்கு இன்னும் ஒரு படி மேலே போயிருந்தது. கர்ப்பிணிகளை எக்ஸ்றே அறைக்குள் விடமாட்டார்கள், வயிற்றுப் பிள்ளைக்குக் கூடாது. ஆனால் ஸ்கான் அறைக்குள் அவர்களைத்தான் விடுவார்கள். அப்படியென்றால் ஸ்கானின் சக்தி எக்ஸ்றேயைவிடக் குறைவு. சக்தி குறைந்தால் மீடிறனும் குறைவு. ஆகவே அது எக்ஸ்றேக்கு முன்னால்தான் வரவேண்டும். கதவும் அங்கேதான் இருக்கிறது! விஞ்ஞானமும் கட்டடமும் ஒரே பதிலைச் சொன்னால் மனிதன் என்ன செய்வான்? மிஸ்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் அது நானே கண்டுபிடித்தது. கண்டுபிடித்தவன் கேட்டு உறுதிப்படுத்துவது எனக்குக் கௌரவக் குறைவாகப் பட்டது.

பரீட்சை எடுக்க வந்தவர் வட்டுக்கோட்டையைச் சேர்ந்த ஒரு ஓய்வுபெற்ற எக்ஸ்றே அதிகாரி. பெண். நரைத்த தலை, கழுத்தில் சங்கிலியில் தொங்குகிற கண்ணாடி. கொழும்பில் பல வருடம் வேலை செய்தவராம். நிர்வாகத்தின் கூட்ட அறையில் எனக்கு மட்டும் ஒரு மேசை போட்டிருந்தார்கள். சுற்றிப் பன்னிரண்டு வெறும் கதிரைகள். இரண்டாம் தரம் எழுதுகிற பெரிய மாணவனைப் பார்க்கச் சபை கூடியது போல இருந்தது.

முதலாவது கேள்வி: மின்காந்த அலைகளை மீடிறன் அதிகரிக்கும் ஒழுங்கில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பயனும் ஒரு தீங்கும் தருக. கீழே பதிலுக்கு ஏழு கோடு போட்டிருந்தது.

ஏழு. நான் கோடுகளை இரண்டு தரம் எண்ணினேன். பாவம், கேள்வி தயாரித்தவரும் அந்தப் பள்ளிக்கூடப் புத்தகத்தைத்தான் பார்த்திருக்கிறார் என்று நினைத்தேன். பையில் அடிமட்டம் இருந்தது, பரீட்சை என்றால் அடிமட்டம் வேண்டும் என்று கொண்டுபோயிருந்தேன். எடுத்து, ஏழாவது கோட்டுக்குக் கீழே, அதே நீளத்தில், அதே இடைவெளியில், எட்டாவது கோட்டை நானே போட்டேன். அச்சடித்த கோடுகளைவிட அது நேராக இருந்தது.

பிறகு வாசலிலிருந்து நடந்தேன். ரேடியோ அலை: ஒலிபரப்பு, மிகப் பலமான அன்டெனாவுக்குக் கிட்ட நின்றால் உடல் சூடாகும். நுண்ணலை: உணவு சூடாக்கல், கைத்தொலைபேசி, பெட்டியிலிருந்து கசிந்தால் உடம்பின் உட்பகுதி சூடாகும். செங்கீழ்: சிகிச்சை விளக்கு, தோல் பொசுங்கும். ஒளி: பார்த்தல், காமாலைக் குழந்தை, கடும் ஒளி கண்ணைப் பாதிக்கும். கழியூதா: கிருமி கொல்லல், தோல் கருகும், தோல் புற்றுநோய். ஆறாவது கோட்டில் ஸ்கான் கதிர் என்று எழுதினேன். பயன்: வயிற்றினுள் பார்த்தல். தீங்கு என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்தேன். உண்மையை எழுத வேண்டும். 'கதிரினால் தீங்கு அறியப்படவில்லை. ஆனால் முதலில் நிறையத் தண்ணீர் குடிக்க வைப்பதால் நோயாளிக்கு மூத்திரம் முட்டும்.' பிறகு எக்ஸ்: எலும்பைப் படமெடுத்தல், கலங்களைப் பழுதாக்கும். எட்டாவது, என்னுடைய சொந்தக் கோட்டில், காமா: புற்றுநோய்க் கலங்களை அழித்தல், கருவிகளில் கிருமி நீக்கல், நல்ல கலங்களையும் அழிக்கும், புற்றுநோயை உண்டாக்கவும் கூடும்.

மற்றக் கேள்விகளும் நன்றாகவே போயின. கையெழுத்தில்கூடக் குறை சொல்ல முடியாது.

பின்னேரம் மூன்று மணிக்கு வாய்மொழிப் பரீட்சை. நான் உள்ளே போனபோது அந்த அம்மா என்னுடைய தாளைக் கையில் வைத்திருந்தார். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார்.

"உந்தக் கோடு ஆர் போட்டது?"

"நான்தான் மேடம்."

"ஏன்?"

"இடம் காணேல்லை மேடம்."

அவர் சிரிக்கவில்லை. பேனை முனையால் ஆறாவது கோட்டைத் தொட்டார். பிறகு, "ஸ்கான் கதிரை ஏன் இந்த இடத்திலை வைச்சனீங்கள்? எனக்கு விளக்கமாய்ச் சொல்லுங்கோ," என்றார்.

நான் விளக்கமாகச் சொன்னேன். கர்ப்பிணி, சக்தி, மீடிறன். கதவைச் சொல்லவில்லை, அது தொழில் இரகசியம். எனக்குத் தொண்டை நல்ல தெளிவாக இருந்தது. அவருக்கு ஒரு புதிய விசயம் சொல்லிக் கொடுக்கிறேன் என்ற நினைப்பில் பேசினேன்.

"அந்த அறையிலை உங்கடை வேலை என்ன?"

"ஆளை ஏத்தி இறக்கிறது மேடம். பேந்து வயித்திலை பூசின ஜெல்லைத் துடைக்கக் கடதாசி குடுக்கிறது."

"ஜெல் ஏன் பூசுறவை?"

"அது இல்லாட்டிப் படம் வராது. ஒருநாள் ஜெல் முடிஞ்சு போச்சு, டொக்டர் சும்மா வைச்சுப் பாத்தவர். ஒண்டும் தெரியேல்லை. நடுவிலை காத்து இருந்தால் உள்ளை போகாதாம்."

"சரி. எக்ஸ்றே அறையிலை, மேலை இருக்கிற குழாய்க்கும் படுத்திருக்கிற ஆளுக்கும் நடுவிலை என்ன கிடக்கு?"

"காத்து."

"எக்ஸ்றேக்கு ஜெல் பூசுறவையே?"

"இல்லை மேடம்."

"அந்தச் சிவப்பு விளக்குக்கு?"

"இல்லை."

"சூரியனுக்கும் எங்களுக்கும் நடுவிலை?"

அங்கே காற்றுக்கூட இல்லை. புத்தகத்தில் அந்த வரி இருந்தது, மீடிறனுக்குக் கீழே: மின்காந்த அலைகள் வெற்றிடத்திலும் போகும். ஊடகம் வேண்டாம். மனைவி அதை இரண்டு தரம் வாசித்துக் காட்டியிருந்தாள். ஏழு அலையும் ஒன்றுமில்லாத இடத்தைத் தாண்டி வருகிற ஆட்கள். நான் ஆறாவதாக நிறுத்திய ஆளோ, தோலுக்கும் கருவிக்கும் நடுவில் ஒரு மெல்லிய காற்றுப் படலம் இருந்தாலே உள்ளே போகாமல் திரும்புகிற ஆள். எதையாவது பிடித்துக்கொண்டுதான் அது போகும். அப்படிப் போகிற ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

"மேடம்," என்றேன். "இது சத்தம்."

"என்ன சத்தம்?"

"ஸ்கான் மேடம். அது கதிர் இல்லை. எங்களுக்குக் கேக்காத சத்தம். உள்ளை போய்ப் பட்டுத் திரும்பி வாறதை வைச்சுப் படம் எடுக்கினம். அது இந்த வரிசையிலேயே வராது. அந்தக் கோடு பிழை."

"கோடு நல்ல நேராய்த்தான் இருக்கு," என்றார் அவர். "ஸ்கான் எண்டது ஒரு அலையின்ரை பேர் இல்லை அண்ணை. வேலையின்ரை பேர். சீ.ரீ. ஸ்கானிலை எக்ஸ் கதிர். எம்.ஆர்.ஐ.யிலை காந்தமும் ரேடியோ அலையும். உங்கடை அறையிலை இருக்கிறது சத்தம். பேரைப் பாக்காமல், என்ன போகுது எண்டு பாக்கோணும்."

"திருத்தலாமோ மேடம்?"

"தந்த தாளிலை கை வைக்க ஏலாது. வரிசைக்கு உங்களுக்குப் புள்ளி இல்லை."

எனக்கு முழங்கால் அந்த நேரத்தில்தான் வலிக்கத் தொடங்கியது. இருந்துகொண்டே வலித்தது. பதினெட்டு வருடம் தள்ளிய நடையில் ஒரே ஒரு கதவை விட்டுவிட்டுப் போயிருந்தால் போதும். மூளையைப் பாவிக்கப் போய்த்தானே இவ்வளவும்.

அவர் தாளைக் கவிழ்த்து வைத்தார். "கடைசிக் கேள்வி. கைக்குழந்தைக்கு எக்ஸ்றே எடுக்கோணும். குழந்தை அழுது உருளுது. ஆர் பிடிக்கிறது?"

இது எனக்குத் தெரியும். "தாய் அல்லது தேப்பன் மேடம். ஈயக் கவசம் போட்டு, கதிர் விழுற இடத்துக்குள்ளை கை வராமல். தாய் திரும்பவும் கர்ப்பமாய் இருந்தால் அவவை விடக்கூடாது. எங்கடை ஆக்கள் பிடிக்கக் கூடாது, கதவைச் சாத்தித் திரைக்குப் பின்னாலை நிக்கோணும்."

"ஏன் எங்கடை ஆக்கள் பிடிக்கக் கூடாது?"

"தேப்பன் ஒருக்காப் பிடிப்பார். நாங்கள் எண்டால் ஒவ்வொரு நாளும். கொஞ்சம் கொஞ்சமாய்ச் சேரும். கலத்தைப் பழுதாக்கும், பிற்காலத்திலை புற்றுநோய் வர இடமிருக்கு."

இங்கே நிறுத்தியிருக்கலாம். முழுப் புள்ளி கிடைத்திருக்கும். ஆனால் அன்றைக்கு ஒரு பிழைக்குச் சொந்தமாகக் கோடே போட்டுக் கொடுத்தவனுக்கு இன்னொன்றை மறைப்பது அர்த்தமில்லாமல் பட்டது.

"ஆனால் நான் பிடிச்சிருக்கிறன் மேடம்."

அவர் கண்ணாடியைத் திரும்பவும் போட்டார். "எத்தினை தரம்?"

"கன தரம். மிஸ் ஏசுவா. நான் ஆளை இறக்கிப்போட்டு வெளியிலை போற மாதிரிப் போய், குழந்தை கத்த ஓடி வந்திடுவன். கவசம் பாரம், போட நேரம் எடுக்கும். தேப்பன்மார் பயந்து நிப்பினம். எனக்குப் பயமில்லை எண்டு காட்டுறதுக்கு."

"இப்ப?"

"இப்ப வாசிச்சிட்டன் மேடம். இப்ப கொஞ்சம் பயம்தான்."

நீண்ட நேரம் எழுதினார். என்ன எழுதுகிறார் என்று தலைகீழாக வாசிக்கப் பார்த்தேன். படுத்திருக்கிறவர்களின் முகத்தைத் தலைகீழாகப் பார்த்துப் பழகிய எனக்கு எழுத்தை அப்படி வாசிக்க வரவில்லை.

"நாளையிலையிருந்து அந்தப் பழக்கத்தை நிற்பாட்டுங்கோ," என்றார் தலையைத் தூக்காமல். "தேப்பன் பயந்தால் கவசத்தைப் போட்டுவிட்டு, எங்கை பிடிக்கிறது எண்டு காட்டிக் குடுங்கோ. பொறுமையாய். அதுதான் உங்கடை வேலை. பட்ச் குத்தாமல் அந்தக் கதவுக்கு உள்ளை போகக்கூடாது."

"எந்த பட்ச் மேடம்?"

"உடம்பிலை எவ்வளவு கதிர் பட்டது எண்டு கணக்கெடுக்கிற பட்ச். அது தடுக்காது, சொல்ல மட்டும்தான் செய்யும். குத்தினால் காப்பாத்தும் எண்டு நினைச்சுக்கொண்டு நிக்காதையுங்கோ. உங்கடை பேருக்கு ஒண்டு எடுக்கச் சொல்லி நான் நிர்வாகத்துக்கு எழுதுறன்."

மிஸ்ஸின் சட்டையில் குத்தியிருப்பது அதுதான், எக்ஸ்றே அறையில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும்தான் கிடைக்கும். வண்டி தள்ளுகிறவர்களுக்குக் கொடுப்பதில்லை. இது என் மண்டைக்குள் போவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்ப வரிசைக்குப் புள்ளி இல்லை எண்டு…"

"இல்லைத்தான். மற்றதுகளுக்கு இருக்கு," என்றார். "பிழை விட்டதை விளங்கிக்கொண்டு தானாய்ச் சொல்லுற ஆள் எக்ஸ்றே அறையிலை நிக்கிறது நல்லது. அங்கை பிழை கண்ணுக்குத் தெரியாது."

வெளியே வந்து மனைவிக்குப் போன் எடுத்தேன். வேலை கிடைத்துவிட்டது என்றேன். அவள், "எத்தினை அலையாம்?" என்று கேட்டாள்.

"ஏழு."

"ம்," என்றாள். அந்த ஒரு எழுத்துக்குள் இருபத்திரண்டு வருடம் இருந்தது.

மணி நாலாக இன்னும் இருபது நிமிடம் இருந்தது. வார்ட்டில் ஒரு கர்ப்பிணிப் பெண் ஸ்கானுக்குக் காத்திருந்தார். வண்டியைப் பிடித்துத் தள்ளத் தொடங்கினேன். பாதி நடையில் அவர் என் கையைத் தொட்டு, "அண்ணை, அடிக்கடி ஸ்கான் எடுத்தால் கதிர் பட்டுப் பிள்ளைக்கு ஏதும் செய்யுமே? அங்கை எக்ஸ்றே எண்டும் எழுதிக் கிடக்கு," என்றார்.

"எக்ஸ்றே மற்றக் கதவு, பிள்ளை. இதிலை கதிரே இல்லை, சத்தம்தான். டொக்டர் தேவையெண்டு சொன்னால் பயப்பிடாமல் எடுங்கோ," என்றேன்.

"வடிவாய்த் தெரியுமோ?"

"இண்டைக்குத்தான் தெரியும்," என்று சொல்லிக் கதவைத் திறந்தேன்.